இமை சொல்லும் சாட்சி

ஓசூர்ச் சந்தையில் ஓர் ஓரமாக நின்று காது கொடுத்துக் கேட்டால், கண்ணை மூடித் திறக்கும் அந்த மெல்லிய தோல்மடிப்பைத் தமிழர் ரெப்பை என்பதும், கன்னடத்தார் ரெப்பெ என்பதும், தெலுங்கர் ரெப்ப என்பதும் ஏறத்தாழ ஒரே ஓசையாகவே நம் செவியில் விழும். மூன்று பாஷைகளும் கலந்து வழங்கும் அந்த எல்லைப் பிரதேசத்தில், ஒருவருடைய ரெப்பை சிவந்து, அரித்து, காலையில் எழும்போது கண்ணைத் திறக்க முடியாதபடி வீங்கிப்போனால், எந்தப் பாஷைக்காரரும் கேட்கும் முதற் கேள்வியும் ஒன்றாகவே இருக்கும்: முகத்துக்குப் புதிதாக என்ன போட்டாய்? கேள்வியில் நியாயம் உண்டு; ஆயினும் விடை பல சமயங்களில் முகத்திலே இருப்பதில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நம் பெரியவர்கள் சொன்ன பழமொழிக்கு, மனித சரீரத்தில் ஓர் உதாரணம் தேடினால் இமையைக் காட்டிலும் பொருத்தமான உறுப்பு வேறு கிடைக்காது.

விஷயத்தை விளங்கிக்கொள்வதற்காக ஒரு பெண்மணியை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்வோம். அவர் தனியொருவர் அல்லர். தோல் வைத்தியர்களிடம் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் பலருடைய சாயல்களைச் சேர்த்து வரைந்த உருவம். வயது நாற்பதை நெருங்குகிறது; சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை; கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் நாள்தோறும் வந்து போகிறார். கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஓசூரில் மார்கழிக் காற்று குளிர்ந்தும் வறண்டும் வீசும், உதடு வெடிக்கும், கன்னம் சொரசொரக்கும். அந்த மாதத்தில் அவர் வாசனையுள்ள ஒரு முகக் கிரீமை வாங்கிப் பூசத் தொடங்கினார். மூன்றாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு இமைகளும் அரித்துச் சிவந்தன; புதன்கிழமை காலையில் வீங்கின. கிரீமை நிறுத்தினார், பத்து நாட்களில் வீக்கம் வடிந்தது. கிரீம்தான் குற்றவாளி என்று வீட்டிலுள்ள அனைவரும் தீர்ப்பளித்தனர். ஆனால் தை மாதம் பிறந்து சில நாட்களுக்குள், கிரீம் டப்பா குப்பைக்குப் போய்விட்ட பிறகு, இமைகள் முன்னைவிட அதிகமாக வீங்கின. இந்தத் தை மாதத்து வீக்கத்தில்தான் நம்முடைய கதை ஆரம்பமாகிறது.

முதலில், இமை மாத்திரம் ஏன் இப்படித் தடுமாறுகிறது என்பதைப் பார்ப்போம். கண்ணை இமை காப்பதுபோல் என்று காவலுக்கே உவமையாக நாம் சொல்லும் அந்த இமையின் தோல், உடம்பிலுள்ள தோல் அனைத்திலும் மெல்லியது. அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். தோலின் மேற்பரப்பில், இறந்த அணுக்கள் செங்கல் அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இடையிலே கொழுப்புச் சாந்து பூசப்பெற்று நிற்கும் ஒரு மதில் உண்டு. வெளியிலிருந்து வரும் ரசாயனங்களைத் தடுப்பது அந்த மதிலே. குதிகாலில் அது கோட்டைச் சுவர். இமையிலோ அது வெறும் திரைச்சீலை. 1967-ஆம் ஆண்டில் ஃபெல்ட்மன், மைபாக் என்னும் இரு விஞ்ஞானிகள், ஒரே மருந்தை உடம்பின் வெவ்வேறு பாகங்களிற் பூசி, எவ்வளவு உள்ளே செல்கிறது என்று அளந்தார்கள். முன்கையில் ஒரு பங்கு நுழைந்தால், பாதத்தின் அடியில் அதில் ஏழில் ஒரு பங்குதான் நுழைந்தது. நெற்றியில் ஆறு பங்கு நுழைந்தது. நெற்றியைக் காட்டிலும் இமை மெல்லியது என்பதை நினைவிற் கொண்டால், கன்னம் தாங்கிக்கொள்ளும் ஒரு பொருளை இமை தாங்காமற் போவதில் வியப்பில்லை.

அம்மட்டோடு முடியவில்லை. மற்ற இடங்களில் தோலுக்கடியில் மெத்தைபோலக் கொழுப்பு இருக்கிறது. இமைத் தோலுக்கடியில் அது அநேகமாக இல்லை. அங்கே இருப்பது தளர்ந்த, இழை இழையான திசு. நீர் சிறிதளவு கசிந்தாலும் அந்தத் திசு பஞ்சைப்போல உறிஞ்சி உப்பிக்கொள்ளும். கையில் வந்தால் வெறும் சிவப்புத் தடிப்பாக நின்றுவிடும் ஓர் அழற்சி, இமையில் வந்தால் கண்ணையே மூடிவிடுவது இதனால்தான். இரவெல்லாம் தலை தாழ்ந்து படுத்திருப்பதால் நீர் அங்கே தேங்கி, காலையில் வீக்கம் உச்சத்தில் இருப்பதும், எழுந்து நடமாட நடமாடச் சற்றே குறைவதும் அந்தத் தளர்ச்சியின் பயனே. இவற்றோடு, நிமிஷத்துக்குப் பதினைந்து இருபது தடவை மூடித் திறக்கும் இமையின் மடிப்பிலே, பூசியதும் படிந்ததும் வியர்வையில் வழிந்து வந்ததும் தங்கி, இடைவிடாமல் தேய்க்கப்படுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். போதாததற்கு, நம் விரல் ஒரு நாளில் எத்தனை தடவை கண்ணைத் தொடுகிறது என்பது நமக்கே தெரியாது.

இனி, அந்த மதிலைத் தாண்டி உள்ளே நுழைந்த பொருள் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். இரண்டு விதமான தீங்கு நேரலாம். கடுமையான சோப்பு, முகப்பருவுக்குப் பூசும் சில மருந்துகள் போன்றவை யாருடைய இமையிற் பட்டாலும் எரிச்சலூட்டும். அவை நேரடியாக மதிலை அரிக்கின்றன. எரிச்சல் முதலில் வரும், அரிப்பு பின்னர். மற்றொரு விதம் ஒவ்வாமை. அது எல்லோருக்கும் வருவதன்று. யாருடைய சரீரம் அந்தப் பொருளை விரோதி என்று கற்றுக்கொண்டதோ அவருக்கு மாத்திரமே வரும். அங்கே அரிப்புத்தான் முதல் அடையாளம்.

கற்றுக்கொள்வது என்ற சொல்லை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. ஒவ்வாமையை உண்டாக்கும் ரசாயனங்கள் பெரும்பாலும் மிகச் சிறிய மூலக்கூறுகள். தோலுக்குள் நுழைந்தவுடன் அவை நம் உடம்பின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. நம்முடைய புரதமே இப்போது அந்நிய வேஷம் பூண்டுவிடுகிறது. 1868-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானியர், மாணவராக இருந்தபோதே, மேல்தோலில் கிளை விரித்து நிற்கும் சில அணுக்களைக் கண்டு எழுதினார். அவருடைய பெயரையே தாங்கி நிற்கும் அந்த அணுக்கள் தோலின் எல்லைக் காவலர்கள். வேஷமிட்ட புரதத்தைக் கண்டதும் அதன் மாதிரியை எடுத்துக்கொண்டு, காதுக்கு முன்னால் இருக்கும் நிணநீர்க் கணுவுக்குப் போய், அங்குள்ள டி அணுக்களிடம் காட்டுகின்றன. அந்த டி அணுக்கள் பயிற்சி பெற்றுப் பெருகுவதற்கு ஏறக்குறைய பத்துப் பதினான்கு நாட்கள் பிடிக்கும். அந்தக் காலத்தில் வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. பயிற்சி முடிந்தபின் அதே பொருள் மறுபடியும் தோலைத் தொட்டால், சேனை திரண்டு வந்து சேர ஒரு நாள், இரண்டு நாள், சிலருக்கு மூன்று நாளும் ஆகும்.

இந்த இரண்டு கால அளவுகளும் சாதாரண மனிதனை இரண்டு விதமாக ஏமாற்றுகின்றன. நாலு வருஷமாக இதைத்தானே உபயோகிக்கிறேன், இதுவரை ஒன்றும் செய்யவில்லையே என்று ஒருவர் சொல்லும்போது, அந்த நாலு வருஷமும் அவருக்கு அனுகூலமான சாட்சியம் ஆகாது. பயிற்சி எந்தப் பூச்சிலும் நிகழ்ந்திருக்கலாம், நாற்பதாவது தடவையில்கூட நிகழலாம். அதுபோலவே, செவ்வாய்க்கிழமை அரித்தது என்றால் திங்களிரவு பூசியதைத்தான் மனம் சந்தேகிக்கிறது. ஆனால் உண்மையில் விசாரிக்க வேண்டியது ஞாயிற்றுக்கிழமையை.

நம் பெண்மணியிடம் தோல் வைத்தியர் கேட்டதும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே. மார்கழியிலும் சரி, தையிலும் சரி, வீக்கம் வந்த செவ்வாய்க்கு முந்திய ஞாயிறு என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, சற்று யோசித்துவிட்டு அவர் சொன்னார்: "ஒண்ணும் விசேஷமா இல்லீங்க டாக்டர். லீவு நாள்னு தலைக்கு டை அடிச்சேன். ஆனா தலையில ஒரு அரிப்பும் இல்லீங்களே!" வைத்தியர் அவருடைய தலைமயிரைச் சற்று ஒதுக்கிப் பார்த்தார். இரண்டு காதுகளின் மேல்விளிம்பிலும், பிடரியில் மயிர் தொடங்கும் இடத்திலும், அவரே கவனியாத ஒரு மெல்லிய சிவப்பும் சொரசொரப்பும் இருந்தன. மண்டைத் தோலோ சுத்தமாக இருந்தது.

தலைக்குப் பூசியது தலையை விட்டுவிட்டு இமையைப் பிடிப்பதுதான் இந்த நோயின் விசித்திரம். மண்டைத் தோல் கனமானது. சாயம் அங்கே அரைமணி இருந்தாலும் தாங்கிக்கொள்ளும். அலசும்போது நெற்றி வழியாக வழிந்து இமை மடிப்பிலே தங்கும் ஒரு துளி போதும், பயிற்சி பெற்ற சேனையைக் கூப்பிடுவதற்கு. கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் இருக்கும் மூலப்பொருள் பாரா-ஃபினைலின்டையமின் என்பது, வைத்தியர்கள் பி.பி.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். மயிருக்குள் எளிதில் புகுந்து, அங்கே ஆக்ஸிஜனோடு சேர்ந்து கறுத்து நிலைத்துவிடும் என்பதே அதன் பெருமை. அவ்வளவு எளிதாகப் புகும் சிறிய மூலக்கூறு, தோலுக்குள்ளும் அவ்வாறே புகுந்துவிடும் என்பது அதன் தீமை. சிறு பாக்கெட்டில் பொடியாக வரும் டையில் மாத்திரமன்றி, கறுப்பு மருதாணி என்ற பெயரோடு விற்கும் பொடிகளிலும் அது கலந்திருப்பதுண்டு. மருதாணி இலை தானாக ஒருபோதும் கறுப்பு நிறம் தராது, செம்பழுப்பே தரும். ஆகவே மருதாணி என்ற பெயரில் ஒரு மணிக்குள் கறுப்பு வந்தால், அந்தக் கறுப்பு இலையிலிருந்து வந்ததன்று என்று தெளியலாம்.

இந்த மூலப்பொருளுக்கும் இமைக்கும் உள்ள விரோதத்துக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1930-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்னும் இமைமயிர்ச் சாயம் விற்கப்பட்டது. அதில் இந்த வகை ரசாயனமே இருந்தது. அதைப் பூசிக்கொண்ட பெண்களிற் சிலருக்கு இமைகள் வெந்துபோயின, ஒருத்தி பார்வையை இழந்தாள், இறந்தவரும் உண்டு. அழகுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அந்நாட்டு அரசாங்கத்துக்கு அப்போது இல்லாதிருந்தது. 1938-இல் புதிய சட்டம் வந்த பிறகே அந்தச் சாயம் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. நம் நாட்டில் 1940-இல் இயற்றப்பெற்ற மருந்துச் சட்டம் 1962-இல் திருத்தப்பட்டு அழகுப் பொருள்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. இன்று நம் ஊர்க் கடையில் தொங்கும் டை பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், முதலில் சிறிதளவு பூசிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும், புருவத்துக்கோ இமைமயிருக்கோ பூசினால் பார்வை போகக்கூடும் என்றும் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும். அந்தப் பொடி எழுத்து, தொண்ணூறு வருஷங்களுக்கு முன் துன்புற்ற பெண்களின் பட்டறிவு. படிப்பவர்தாம் குறைவு.

இமையைக் குற்றக் கூண்டில் ஏற்றும் மற்ற அழகுப் பொருள்களும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. நகப்பூச்சு ஓர் அழகான உதாரணம். அதிலுள்ள பிசின் ஒவ்வாதவருக்கு விரல் நகத்தைச் சுற்றி ஒன்றும் நேராமல், அந்த விரல் தொட்ட இமையில் மாத்திரம் அழற்சி வரும். ஒரு பக்கத்து இமையில் அதிகமாகவும் மற்றதில் குறைவாகவும் இருந்தால், எந்தக் கையால் கண்ணைத் தேய்க்கும் வழக்கம் என்று விசாரிப்பது வீண்போகாது. கணவன் பூசும் வாசனைத் திரவியம் மனைவியின் இமையில் தெரிவதும், மனைவியின் கிரீம் தலையணை வழியாகக் கணவனைப் பிடிப்பதும் வைத்திய நூல்களில் எழுதப்பட்ட செய்திகளே.

முகக் கிரீமைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நம் கதையில் அதன்மேல் வீண்பழி விழுந்ததே தவிர, அது எப்போதும் நிரபராதி என்று பொருளன்று. கிரீமில் நீர் இருக்கிறது. நீர் இருக்கும் இடத்தில் பூஞ்சையும் கிருமியும் வளரும். அவற்றைத் தடுப்பதற்குச் சிறிதளவு காப்புப் பொருள் சேர்க்கப்படுகிறது. அவற்றுள் மெத்தில்ஐசோதயசோலினோன் என்பது ஒன்று. 2005-ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவில் அது தனித்த காப்புப் பொருளாக அழகுப் பொருள்களில் அனுமதிக்கப்பட்டது. சில வருஷங்களுக்குள்ளேயே இமையிலும் முகத்திலும் அழற்சியோடு வந்தவர்கள் பெருகினார்கள். பூசி அப்படியே விட்டுவிடும் கிரீம்களில் அதைச் சேர்க்கக்கூடாதென்று 2017-இல் அங்கே தடை நடைமுறைக்கு வந்தது. காப்புப் பொருளை அடுத்து முக்கியமானது வாசனை. இதில் இயற்கை, செயற்கை என்ற பேதம் தோலுக்குக் கிடையாது. ஆரஞ்சுத் தோல், லாவெண்டர் முதலியவற்றின் தைலங்களில் இருக்கும் சில பொருள்கள் காற்றுப் பட்டு நாளாக ஆகப் பழுதடைந்து, ஒவ்வாமையை உண்டாக்கும் சக்தியைப் பின்னரே அடைகின்றன. மூலிகைக் கிரீம் என்று எழுதியிருப்பதனால் இமை அதற்கு விலக்கு அளிப்பதில்லை.

இதுவரை சொன்னது பெரும்பாலான ஊர்களுக்கும் பொதுவானது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் வைத்தியர் விசாரிக்க வேண்டிய இன்னொரு சந்தேகப் பேர்வழி, அழகுப் பொருளே அன்று. சாலையோரத்தில் வெள்ளைப் பொட்டுப் பொட்டாகப் பூத்து நிற்கும் பார்த்தீனியம். 1950-களில் பூனாவுக்கு அருகில் முதலில் கவனிக்கப்பட்ட இந்த அந்நியச் செடி, சில ஆண்டுகளில் தக்காணமெங்கும் பரவி, கர்நாடக அரசாங்கம் 1975-இல் அதைச் சட்டப்படி தீய களை என்று அறிவிக்கும் அளவுக்குப் பெருந்தொல்லையாயிற்று. எல்லைக் கோடு அதற்குத் தெரியாது. அதன் இலையிலும் பூவிலும் இருக்கும் பார்த்தெனின் என்னும் பொருள், காய்ந்த செடியின் தூளோடு காற்றில் பறந்து வந்து, இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களிற் படிந்து, ஒவ்வாதவருக்குத் தாங்கமுடியாத அரிப்பை உண்டாக்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமந்திக்குப் பேர்போனது. சாமந்தியும் பார்த்தீனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆகவே ஒன்றுக்கு எதிராகப் பயிற்சி பெற்ற தோல் மற்றதையும் விரோதியாக நினைத்துவிடலாம். பூப்பறிப்பவரும் பூக்கட்டுபவரும் இமை அரிக்கிறது என்று வந்தால், பவுடரையும் மையையும் கேட்பதற்கு முன் பூக்கூடையைக் கேட்பது உத்தமம்.

காற்றில் வந்ததா, வெயிலில் வந்ததா, கையால் பூசியதா என்பதைப் பிரித்தறிய ஓர் அழகான உபாயம் உண்டு. வெயிலால் வந்த அழற்சி, வெயில் படாத இடங்களாகிய மேலிமையின் மடிப்பையும், காதின் பின்புறத்தையும், மோவாயின் அடிப்பக்கத்தையும் விட்டுவிடும். காற்றில் வந்ததோ, நிழலென்றும் வெயிலென்றும் பாராமல் அந்த மூன்று இடங்களையுமே தேடிப் பிடிக்கும். இமையோடு முழங்கை மடிப்பும் கழுத்தும் சேர்ந்து அரித்தால் காற்றைச் சந்தேகிக்கலாம்; இமையோடு காதுவிளிம்பும் பிடரியும் சேர்ந்தால் தலைச்சாயத்தைச் சந்தேகிக்கலாம்; இமை மாத்திரம் தனியே என்றால் விரலையும், நகத்தையும், கண்மையையும், கிரீமையும் வரிசையாக விசாரிக்க வேண்டும். இமைமயிரின் அடியிலே பொடுகுபோலச் செதில் படிந்து, கண் கரகரத்தால், அது ஒவ்வாமை அன்றி இமை விளிம்பின் அழற்சியாகவும் இருக்கலாம்.

சந்தேகம் தீர்ப்பாக மாறுவதற்குச் சோதனை வேண்டும். 1895-இல் யோசெஃப் யாடசோன் என்னும் ஜெர்மானியத் தோல் வைத்தியர், பாதரச மருந்தினால் தோல் வெந்துபோன நோயாளிகளைக் கண்டு, அதே பாதரசத்தைச் சிறிதளவு அவர்களின் நல்ல தோலில் ஒட்டிவைத்துப் பார்த்தார். ஒட்டிய இடத்தில் மாத்திரம் நோய் எழுந்தது. நோயைச் சிறிய வட்டத்துக்குள் வேண்டுமென்றே எழுப்பிக் காரணத்தை நிரூபிக்கும் அந்த முறையே இன்று பேட்ச் டெஸ்ட் என்று வழங்குகிறது. நம் பெண்மணிக்கு அதைச் செய்த விதம் இது. இமை ஆறும்வரை காத்திருந்து, ஒரு திங்கட்கிழமை, இந்திய நோயாளிகளுக்கென்று தொகுக்கப்பட்ட இருபதுக்கு அருகான பொருள்களை, ஒவ்வொன்றாகச் சிறு அலுமினியக் கிண்ணங்களில் வைத்து, முதுகில் பிளாஸ்திரியால் ஒட்டினார்கள். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது. வியர்க்க வியர்க்க வேலையும் கூடாது. அதற்காக அவர் ஷிப்டை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. புதன்கிழமை எடுத்துப் பார்த்தபோது ஓர் இடம் சற்றே சிவந்திருந்தது. வெள்ளிக்கிழமை மறுபடியும் பார்த்தபோது அதே இடம் தடித்து, சிறு கொப்புளங்களோடு எழும்பியிருந்தது: பி.பி.டி. வாசனைப் பொருள்களின் கலவை வைத்த இடத்தில் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமைப் பார்வை ஏன் அவசியமென்றால், உண்மையான ஒவ்வாமை நாளாக ஆக வளரும்; வெறும் எரிச்சலோ புதனில் தோன்றி வெள்ளியில் மங்கிவிடும்.

கிரீமை விடுவிப்பதற்கும் ஒரு சோதனை உண்டு. அதை வீட்டிலேயே செய்யலாம். முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள இடத்தில், நாளுக்கு இரண்டு தடவை, ஒரு வாரம் முதல் இரண்டு வாரம்வரை அதைப் பூசிவர வேண்டும். அரிப்போ தடிப்போ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். பூசி அப்படியே விடும் பொருள்களுக்கு மாத்திரமே இது பொருந்தும். சோப்பு, ஷாம்பு முதலிய கழுவும் பொருள்களை இப்படி வைத்தால் யாருக்கும் எரியும். டைக்கும் இது பொருந்தாது. டைக்குப் பாக்கெட்டிற் சொன்னபடி காதின் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு நாளோடு தீர்ப்பளிக்காமல் இரண்டு மூன்று நாள் பொறுத்திருப்பதே நலம். முன்பே ஒவ்வாமை வந்தவர் அந்தப் பரீட்சையையும் செய்யக்கூடாது. நம் பெண்மணி புதிதாக அதே கிரீமை வாங்கி இரண்டு வாரம் முழங்கையில் பூசிப் பார்த்தார், ஒன்றும் நேரவில்லை. மார்கழியில் கிரீமை நிறுத்திய பத்து நாளில் வீக்கம் வடிந்தது, கிரீமை நிறுத்தியதால் அன்று. டை அடித்து நாளாகிவிட்டதால்தான்.

இனி, இடையில் அவர் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். தை மாதத்து வீக்கத்தின்போது, வைத்தியரிடம் போகுமுன், மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஒரு டியூப் வாங்கிப் பூசினார். மூன்றே நாளில் மந்திரம்போட்டாற்போல வீக்கம் மறைந்தது; நிறுத்தியதும் எரிச்சலோடு திரும்பியது. அந்த டியூபில் இருந்தது வீரியமுள்ள ஸ்டீராய்டு. உள்ளங்கைக்கு ஏற்ற வீரியம் இமைக்கு ஏற்றதன்று; இமை அதை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். வாரக்கணக்கில் பூசினால் தோல் மேலும் மெலியும், ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும்; மாதக்கணக்கிற் பூசினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுக்கும் நீரழுத்த நோயும், புரையும்கூட உண்டாகலாம். முகம் வெளுக்கும் கிரீம் என்று பூசப்படும் சில கலவைகளிலும் இதே மருந்து இருப்பதால், ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகள் பலவற்றை வைத்தியரின் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று 2018-இல் மத்திய அரசாங்கம் விதியை இறுக்கியது. மற்றொரு அபாயமும் உண்டு: ஸ்டீராய்டோடு நியோமைசின் என்னும் கிருமிக்கொல்லி சேர்ந்த டியூப்களில், அந்த நியோமைசினே சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். நோய்க்குப் பூசும் மருந்தே நோயாகும்போது, பூசப் பூச ஆறாமல் இருப்பதே அதன் அடையாளம்.

சரியான சிகிச்சை பார்வைக்கு மிகவும் எளியது. சந்தேகத்துக்குரிய அனைத்தையும் ஒரே சமயத்தில் நிறுத்துவது. முகத்தை வெறும் தண்ணீரில் கழுவி, ஒத்தி எடுப்பது. வாசனையில்லாத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவுவது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் வைப்பது. வைத்தியர் வேண்டுமென்று நினைத்தால், வீரியம் குறைந்த ஹைட்ரோகார்டிசோனைச் சில நாட்களுக்கும், நீடித்தால் ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பையும் கொடுப்பார். காரணம் அகன்ற பிறகும் இமையின் மதில் பழையபடி எழும்ப மூன்று நான்கு வாரம் ஆகும்; அதற்குள் பழைய பூச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பத் தொடங்குவது, காயாத சுவரில் சுண்ணாம்பு அடிப்பதற்கு ஒப்பாகும். ஆனால் வீக்கம் எல்லாமே இந்த வகையைச் சேர்ந்ததன்று. ஒரு கண் மாத்திரம் வீங்கிக் காய்ச்சலோடு வலித்தாலும், கண்ணை அசைத்தால் நொந்தாலும், பார்வை மங்கினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிப்பே இல்லாமல் தினமும் காலையில் இரு இமைகளும், மாலையில் காலும் வீங்கினால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். நிமிஷங்களுக்குள் இமையும் உதடும் வீங்கி மூச்சு முட்டினால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

நம் பெண்மணியின் வீட்டுச் சுவரில், நாள்தோறும் ஒரு தாள் கிழிக்கும் காலண்டர் தொங்குகிறது. வைத்தியரின் யோசனைப்படி, அவர் இப்போது ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அன்று முகத்திலும் தலையிலும் நகத்திலும் புதிதாகப் பட்டது என்ன என்பதை ஒரு சொல்லில் குறித்து, கிழித்த தாள்களை ஒரு வாரம்வரை எறியாமல் ஆணியில் குத்தி வைக்கிறார். இமை பேசத் தொடங்கும் நாளில், அதற்கு இரண்டு தாள் முன்னால் புரட்டினால் பெயர் அகப்பட்டுவிடும் என்பது அவருடைய கணக்கு. நரைக்கு வழி என்ன என்று கேட்டதற்கு, ரசாயனம் கலவாத மருதாணியும் அவுரி இலைப்பொடியும் போடலாம், அதையும் முதலில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிட்டுப் போடலாம் என்று வைத்தியர் சொன்னார். மாசி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையின் தாளில் அவர் எழுதியிருந்தது ஒரே சொல்: அவுரி. செவ்வாய்க்கிழமைத் தாளின் ஓரம் வெறுமையாக இருந்தது.